எல்லாருக்கும் ஒரே கூலி: ஒரு நகைக்கடை தன் ஊழியர்களிடம் முதலில் சொன்ன வாக்குறுதி

ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குப் புதிதாக ஒரு வாக்குறுதி கொடுக்கும்போது, அதைக் காப்பாற்றும் பொறுப்பு விளம்பரம் எழுதியவரிடம் இருப்பதில்லை. கவுண்டரில் நிற்பவர், பில் போடுபவர், உள்ளே பட்டறையில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோரின் தலையில்தான் அது விழுகிறது. அதனால்தான் விளம்பரம் வெளியே போவதற்கு முன் ஊழியர்களுக்கென்று ஓர் அறிமுகக் கூட்டமும் பயிற்சியும் நடத்துகிறார்கள். இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. வாக்குறுதியைக் காப்பாற்றுவதால் ஊழியர் எதை இழக்கிறாரோ, அந்த இழப்பை நடுவில் வைத்துத்தான் கூட்டத்தை அமைக்க வேண்டும். அதைப் பேசாமல் விட்டால், கூட்டத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள். மறுநாள் கவுண்டரில் எதுவும் மாறியிருக்காது.

இதை விளக்க நான் பயிற்சி நடத்திக் கொடுத்த ஒரு நகைக்கடையை எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு கடை, வீடமைப்பு வட்டாரங்களில் இரண்டு கிளைகள், எல்லாம் சேர்ந்து நாற்பது பேருக்குள் ஊழியர்கள். உரிமையாளரின் குடும்பம் கொடுக்க விரும்பிய வாக்குறுதி இதுதான்: “எல்லாருக்கும் ஒரே கூலி, கணக்கு உங்கள் கண்முன்னே.” இங்கே கூலி என்பது ஊழியரின் சம்பளம் அல்ல, நகையைச் செய்வதற்காக வாடிக்கையாளரிடம் வாங்கும் செய்கூலி.

நகைக்கடையில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் புரியும். 916 என்று முத்திரை குத்திய 22 காரட் நகையில் 91.6 விழுக்காடு தங்கம் இருக்கிறது. அதற்கான அன்றைய கிராம் விலை பலகையில் எழுதியிருக்கும்; அதில் பேரம் பேச இடம் குறைவு. அதன்மேல் செய்கூலி, அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கணக்குக்காகக் கிராம் 150 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 20 கிராம் சங்கிலிக்குத் தங்கம் 3,000 வெள்ளி, கிராமுக்கு 12 வெள்ளி வீதம் கூலி 240 வெள்ளி, இரண்டும் சேர்ந்து 3,240, வரி 291 வெள்ளி 60 காசு, மொத்தம் 3,531 வெள்ளி 60 காசு. இதில் விற்பனையாளரின் கையில் இருப்பது அந்த 240 வெள்ளி மட்டும்தான். முன்பு அந்தக் கடையில் விற்பனையாளர் தாமாகவே கிராமுக்கு 2 வெள்ளி வரை கூலியைக் குறைக்கலாம், கிளை மேலாளர் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று வழக்கம் இருந்தது. கேட்டவருக்குக் குறைந்தது, கேட்கத் தெரியாதவருக்குக் குறையவில்லை. ஒரே மாதிரிச் சங்கிலியை ஒரே வாரத்தில் வாங்கிய இரண்டு பெண்கள் கோவிலில் சந்தித்துப் பில்லை ஒப்பிட்டுப் பார்த்ததும், கூடுதலாகக் கொடுத்தவர் கடைக்கு வந்து நியாயம் கேட்டதும் நடந்த பிறகுதான் உரிமையாளர் இந்த முடிவுக்கு வந்தார்.

ஊழியர் இங்கே இழப்பது என்ன? பணம் என்று முதலில் தோன்றும். கூலியைக் குறைக்க முடியாவிட்டால் விற்பனை கைநழுவும், விற்பனை குறைந்தால் கமிஷன் குறையும் என்ற கவலை உண்மையானதுதான். ஆனால் அவர்களோடு தனித்தனியே பேசியபோது வேறொன்றும் தெரிந்தது. பல ஆண்டுகளாகக் கவுண்டரில் நிற்பவருக்கு “என் கஸ்டமர்” என்று சொல்லிக்கொள்ளச் சில குடும்பங்கள் இருக்கின்றன. மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கும், பிறகு அவளுடைய கல்யாணத்துக்கும் அவரைத் தேடித்தான் வருவார்கள். அவர்களுக்காகக் கூலியைக் குறைத்துக் கொடுக்கும் அந்தச் சிறு அதிகாரம்தான் அவருடைய மரியாதை. புதிய வாக்குறுதி அந்த மரியாதையை எடுத்துவிடுகிறது. அதற்கு ஈடாக என்ன தருகிறோம் என்று சொல்லாமல் அவரை மேடைக்குமுன் உட்கார வைத்துக் காணொளி காட்டுவதில் பயன் இல்லை.

ஆகவே கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே சில விஷயங்களை முடிக்க வேண்டியிருந்தது. முதலாவது கமிஷன். மொத்த விற்பனைத் தொகைக்குக் கமிஷன் என்று இருந்தால், ஒவ்வொருவரும் எப்படியாவது விற்பதற்கு வழி தேடுவார்கள். கூலி பட்டியலை மீறாத பில்களுக்கு மட்டும் கமிஷன், கிளை முழுவதற்கும் பொதுவாக ஒரு பங்கு என்று அதை மாற்றினார்கள். முதல் மூன்று மாதங்களுக்கு யாருடைய கமிஷனும் முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் கிடைத்ததைவிடக் குறையாது என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு தாள் இல்லாமல் பயிற்சியைத் தொடங்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன், இன்றும் அப்படித்தான் சொல்வேன். சம்பளக் கணக்கு ஒன்று சொல்ல, பயிற்சி வேறொன்று சொன்னால், சம்பளக் கணக்கு சொல்வதைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

இரண்டாவது, பறிபோன அதிகாரத்துக்குப் பதில் இன்னோர் அதிகாரம். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் விருந்தினரின் குறையைத் தீர்க்க எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 அமெரிக்க டாலர் வரை செலவிடலாம் என்ற விதி பரவலாக அறியப்பட்டது. நகைக்கடையில் அவ்வளவு தேவையில்லை. மோதிர அளவு மாற்றுவது, சங்கிலிக்கு மெருகு போடுவது, அறுந்த கொக்கியை மாற்றுவது, ஒரு நல்ல நகைப்பெட்டி கொடுப்பது ஆகியவற்றை 50 வெள்ளி மதிப்புக்குள் விற்பனையாளர் யாரையும் கேட்காமல் செய்து கொடுக்கலாம் என்று முடிவானது. அவரைத் தேடி வரும் குடும்பத்துக்கு அவர் செய்வதற்கு ஏதாவது மிச்சம் இருந்தது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. “கணக்கு உங்கள் கண்முன்னே” என்று சொல்லிவிட்டு, பழைய நகையை மாற்ற வருபவரின் நகையை உள்ளே கொண்டுபோய் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அழுக்கு நீக்குவது, கல்லைக் கழற்றுவது, தங்கத்தின் தரத்தைக் கருவியில் பார்ப்பது எல்லாம் பின்னறையில் நடந்தன. யாரும் ஏமாற்றவில்லை, பட்டறை அங்கே இருந்தது, அவ்வளவுதான். ஆனால் நகை கண்ணைவிட்டு மறைந்த அந்தப் பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்பது கடைக்காரர்களுக்கும் தெரியும். எந்தப் பயிற்சியும் இதைச் சரிசெய்யாது. தராசையும் தரம் பார்க்கும் கருவியையும் முன்பக்கக் கவுண்டருக்குக் கொண்டுவந்து, எடை காட்டும் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஒரு கிளையில் இடம் போதாமல் ஒரு காட்சிப் பெட்டியையே எடுக்க வேண்டியிருந்தது. இந்த வேலை முடியும் வரை கூட்டம் தள்ளிப்போனது. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை ஊழியர்களிடம் அறிமுகம் செய்தால், அது பொய் என்பதை முதலில் தெரிந்துகொள்பவர்கள் அவர்கள்தான்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவைப்பட்டது. தீபாவளிக்கு முன் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தை பிறந்தால் கல்யாண வியாபாரம் தொடங்கிவிடும். நடுவில் மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் கடை சற்று அமைதியாக இருக்கும். கூட்டங்களை மார்கழியிலும், வெளி விளம்பரத்தைத் தை மாதத்திலும் வைத்தார்கள். ஆறு மாதம் முன்னதாகச் சொன்னால் மறந்துவிடும். விளம்பரம் வந்த பிறகு சொன்னால், வாடிக்கையாளர் தெரிந்துவைத்திருப்பது ஊழியருக்குத் தெரியாமல் இருக்கும். இரண்டு மூன்று வார இடைவெளி போதுமானது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டு ஊழியர்களின் விடுமுறை நாள் என்பதால் கடை நிரம்பி வழியும். ஆகவே வார நாட்களில், கடை திறப்பதற்கு முன், பாதிப் பாதிப் பேராக வரச் சொன்னார்கள். அந்த மாதத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் தையின் தொடக்கத்தில் அவர்களுக்காகவே மேலும் ஒரு கூட்டம் வைக்கப்பட்டது.

எல்லாருக்கும் முன்னால் கிளை மேலாளர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் நடந்தது. கவுண்டரில் ஒருவர் வாக்குறுதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து மேலாளர் வந்து “சரி, நான் பார்த்துக் குறைக்கிறேன்” என்று சொல்லிவிட்டால், அந்த ஊழியர் வாடிக்கையாளர் முன்னால் பொய்யராகிவிடுகிறார். அவர் இன்னொரு முறை அந்த வாக்குறுதியைச் சொல்ல மாட்டார். மேலாளர்களில் ஒருவர், பெரிய கல்யாணச் சீருக்கு வருபவர்களுக்காவது விதிவிலக்கு வேண்டும் என்று வெகுநேரம் வாதாடினார். அவர் சொன்னதில் வியாபார நியாயம் இருந்தது. கடைசியில், மொத்த எடை ஒரு வரம்பைத் தாண்டினால் கூலி இவ்வளவு என்று பட்டியலிலேயே எழுதி, அதைக் கவுண்டரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டினார்கள். முகத்தைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை போய், எடையைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை வந்தது.

பிறகு எல்லா ஊழியர்களுக்கும் கூட்டம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் 1983-இல் தொடங்கிய, மக்களுக்கு முதலிடம் என்று பொருள்படும் பெயர் கொண்ட இரண்டு நாள் பயிற்சி இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஒன்று. அதில் வெவ்வேறு பிரிவுகளின் ஊழியர்களைக் கலந்து உட்கார வைத்தார்கள்; தலைமை நிர்வாகி காலின் மார்ஷல் பல அமர்வுகளுக்குத் தாமே வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்த இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். விற்பனையாளர், காசாளர், ஆசாரி, வாசலில் நிற்கும் பாதுகாவலர் எல்லாரும் ஒரே மேசையில். உரிமையாளர் முதல் பத்து நிமிடம் மட்டும் பேசினார். ஆனால் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் மண்டபம், பெயர் பொறித்த சட்டை, உறுதிமொழிப் பலகையில் கையெழுத்து எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவை தவறானவை அல்ல. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை எல்லாருக்கும் கொடுத்துவிடுகின்றன.

முதல் பயிற்சி ஒரு சங்கிலியும் ஒரு தாளும்தான். சின்னக் கல் பதித்த பதக்கத்தோடு கூடிய ஒரு சங்கிலியைக் கொடுத்து, பலகை விலையையும் கூலிப் பட்டியலையும் எழுதிப்போட்டு, “வாடிக்கையாளரிடம் என்ன விலை சொல்வீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் சொன்னோம். தாள்களைத் திருப்பிப் பார்த்தபோது மேசையில் பல விலைகள் இருந்தன. சிலர் கல்லின் எடையையும் தங்கமாகக் கணக்கிட்டிருந்தார்கள். சிலர் கல்லைக் கழித்திருந்தார்கள். சிலர் ஜிஎஸ்டி சேர்க்காமல் சொல்லியிருந்தார்கள். இத்தனைக்கும், பொதுமக்களிடம் சொல்லும் விலை, எழுத்தில் இருந்தாலும் வாயால் சொன்னாலும், ஜிஎஸ்டி சேர்ந்த விலையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் “ஒரே கூலி” என்று ஊருக்குச் சொல்லப்போகும் கடையில் ஒரே நகைக்கு இத்தனை விலை இருக்கிறது என்பதை எல்லாரும் தங்கள் கையெழுத்திலேயே பார்த்தார்கள். வாக்குறுதி ஏன் தேவை என்பதை அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மேசையிலேயே கணக்கு போடும் வரிசை முடிவானது: முதலில் மொத்த எடை, பிறகு கல் கழிவு, தங்கத்தின் விலை, கூலி, வரி, கடைசியில் மொத்தம். இதே வரிசையில் பில்லும் அச்சாக வேண்டும், வாயால் சொல்லும்போதும் இதே வரிசையில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பகுதியில் மிகக் கடினமான அந்த ஒரு வாக்கியத்தைப் பேசிப் பழகினார்கள். காசாளர் அக்கா ஒருவர் வாடிக்கையாளராக நடித்தார்; பேரம் பேசுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது என்று அவருடைய கூட்டாளிகளே முன்னால் தள்ளிவிட்டார்கள்.

“தம்பி, எப்பவும் நீதானே குறைச்சுத் தருவே? இப்ப என்ன புதுசா?”

முதலில் வந்த பதில் அநேகமாக எல்லாரிடமும் ஒன்றுதான்: “கம்பெனி ரூல் மாத்திட்டாங்கக்கா, நான் என்ன பண்றது.” கேட்பதற்கு இது பணிவான பதில். ஆனால் இந்தப் பதிலில் வாக்குறுதி செத்துப்போகிறது. விற்பனையாளர் வாடிக்கையாளரின் பக்கம் போய் நின்றுகொண்டு, இருவருமாகக் கடையைக் குறை சொல்கிறார்கள். பல முறை பேசிப் பார்த்து, அவர்களே திருத்தித் திருத்திக் கடைசியில் வந்து சேர்ந்த பதில் இது: “அக்கா, இப்ப கூலி எல்லாருக்கும் இதுதான். பில்லுல தனியாவே போட்டிருக்கோம் பாருங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் இதே கணக்குதான். கொக்கி கொஞ்சம் லூசா இருக்கு, அதை நானே மாத்திக் கொடுத்துடறேன்.” முதலில் நேரான பதில், பிறகு ஆதாரம், பிறகு தன் கையில் இருக்கும் உதவி. மலாய், சீன வாடிக்கையாளர்களிடம் சொல்வதற்காக மலாயிலும் ஆங்கிலத்திலும் இதையே பழகினார்கள். நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை ஒப்பிப்பதைவிட, அவரவர் வாயில் இயல்பாக வருவதைக் கண்டுபிடிக்கும் வரை பேசவிடுவது நல்லது. அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை வேறெதிலாவது மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

ரொக்கத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினால் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கள்ளப் பணத்தை நல்ல பணமாக்குவதைத் தடுப்பதற்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நகை வணிகர்களுக்கு விதிக்கிறது. கல்யாணத்துக்கு ரொக்கத்தோடு வரும் குடும்பத்திடம் கடைசி நேரத்தில் அடையாள அட்டையைக் கேட்டால், சந்தேகப்படுகிறார்கள் என்று அவர்கள் வருந்துவது இயல்பு. “எல்லாருக்கும் ஒரே” என்ற வாக்குறுதி இங்கே ஊழியருக்கு உதவியாகவே இருந்தது. நகை பார்க்கத் தொடங்கும்போதே, இவ்வளவுக்கு மேல் ரொக்கம் என்றால் யாராக இருந்தாலும் அட்டை கேட்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடப் பழகினார்கள்.

கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் ஒன்றுக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தங்கத்தின் விலை பகலில் மாறும். வாடிக்கையாளர் நகையைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்வருவதற்குள் பலகை விலை ஏறிவிட்டால் எந்த விலை? கேட்டவர் கடையில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண். உரிமையாளர் அங்கேயே முடிவு சொன்னார்: எழுதிக் கொடுத்த விலை அன்று கடை மூடும் வரை செல்லும், விலை இறங்கியிருந்தால் குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும். இதனால் சில நாட்களில் கடைக்கு நட்டம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதை எல்லார் முன்னாலும் அவர் சொன்னபோதுதான், இந்த வாக்குறுதிக்காகத் தங்களோடு சேர்ந்து முதலாளியும் எதையோ விட்டுக்கொடுக்கிறார் என்று ஊழியர்கள் நம்பத் தொடங்கினார்கள் என்பது என் கணிப்பு.

கூட்டத்துக்குப் பிறகு நடப்பதுதான் பல நிறுவனங்களில் விட்டுப்போகிறது. இங்கே ஒவ்வொரு நாளும் கடை திறக்குமுன் பத்து நிமிடம் நின்றபடியே பேசினார்கள். ரிட்ஸ் கார்ல்டனில் ஒவ்வொரு பணிநேரத் தொடக்கத்திலும் இப்படி ஒரு சந்திப்பு உண்டு. பேச்சு ஒரே விஷயத்தைப் பற்றி மட்டும்: நேற்று யார் கூலியைக் குறைக்கச் சொன்னார்கள், நாம் என்ன சொன்னோம், அவர் வாங்கினாரா போனாரா. வாங்காமல் போனவரைப் பற்றிச் சொன்னதற்காக யாரையும் கடிந்துகொள்ளக்கூடாது என்பது மேலாளருக்குச் சொல்லப்பட்ட ஒரே நிபந்தனை. கடிந்துகொண்டால் மறுநாளிலிருந்து நல்ல செய்தி மட்டும்தான் வரும்.

பயிற்சி பிடித்ததா என்று கூட்டம் முடிந்ததும் தாள் கொடுத்துக் கேட்பதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. டோனல்ட் கர்க்பேட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட வகுத்த நான்கு படிகளில் அது முதற்படி மட்டுமே; நமக்கு வேண்டியது மூன்றாம் படி, அதாவது வேலையில் நடத்தை மாறியதா என்பது. நகைக்கடையில் அதைப் பார்ப்பது எளிது. எடையையும் கூலிப் பட்டியலையும் வைத்துப் பார்த்தால், எந்தப் பில்லில் கூலி விலகியிருக்கிறது என்று பில் போடும் மென்பொருளே காட்டிவிடும். ஆனால் அதை ஏமாற்றவும் வழி உண்டு: கூலியைத் தொடாமல் பழைய நகையின் எடையை அரை கிராம் கூட்டி எழுதிக்கொடுத்தால் அதே சலுகை வேறு வழியில் போய்விடும். ஆகவே மாற்று நகைப் பில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு, வாடிக்கையாளர் போல் இருவரை ஒரே நாளில் ஒரே கிளைக்கு அனுப்பி, வெவ்வேறு கவுண்டர்களில் ஒரே சங்கிலியின் விலையைக் கேட்கச் சொன்னோம். ஒருவர் பேரம் பேச வேண்டும், மற்றவர் பேசக்கூடாது. இருவர் கையிலும் ஒரே தொகை எழுதிய தாள் வந்தால் சரி. ஒரு கிளையில் தொகை ஒன்றாகவே இருந்தது, ஆனால் பேரம் பேசியவரிடம் மட்டும் “கம்பெனி ரூல்” என்ற அந்தப் பழைய பதில் திரும்பி வந்திருந்தது. கணக்கில் தெரியாத பின்னடைவு அது. அந்தக் கிளையில் மட்டும் பேச்சுப் பயிற்சியை மீண்டும் வைத்தார்கள்.

புதிதாகச் சேர்பவர்களின் விஷயம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நகைக்கடைகளில் ஊரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். புதியவர் கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு வேலை பழகுவதில்லை, பக்கத்துக் கவுண்டரில் நிற்பவரைப் பார்த்துத்தான் பழகுகிறார். ஆகவே முதல் இரண்டு வாரம் அவரை யார் பக்கத்தில் நிறுத்துவது என்பதை மேலாளர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். முதல் நாளிலேயே அந்தச் சங்கிலியையும் தாளையும் கொடுத்து விலை எழுதச் சொல்ல வேண்டும். ஆடியில் மறுபடியும் கடை அமைதியாக இருக்கும். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் அப்போது வைத்திருக்கும் அடுத்த கூட்டத்துக்குப் பழைய நகை மாற்றும் கவுண்டரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கல் கழிவை வாடிக்கையாளருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்பதில்தான் காலைச் சந்திப்புகளில் இன்னமும் அதிகக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன.